பைப்போட உள்விட்டம்: 2 சுவரையும் எதுல கழிக்கணும்?

லேத் வேலையும் போர்வெல் மோட்டார் இறக்குற வேலையும் மதுரையில ரொம்ப வருசமா பாக்குறேன். சுத்தளவை வச்சு உள்விட்டம் எடுக்குறதுல சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லிருந்தேன், வந்ததுக்கு வரிசையா பதில் போடுறேன்.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து: அண்ணே, தோட்டத்து போர்ல கேசிங் பைப் தரைக்கு மேல ஒன்றரை அடி நிக்குது, டேப் சுத்திப் பாத்தா 518 மில்லி, சுவரு 7.5 மில்லி. 518ல 15 கழிச்சு 3.14ஆல வகுத்தா 160 வருது. பம்புல கேபிள் கார்டோட சேத்து அகலமான இடம் 144. தாராளமா இறங்கும்ல?

இறக்கிடாதீங்க தம்பி, 160 கிடையாது. 15 மில்லிங்கிறது குறுக்க இருக்குற அளவு, இந்தப் பக்கச் சுவரு ஏழரை அந்தப் பக்கச் சுவரு ஏழரை, அதை விட்டத்துலதான் கழிக்கணும், நீங்க சுத்தளவுல கழிச்சுட்டு அப்புறம் வகுத்ததால அந்த 15ம் சேந்து மூணுல ஒண்ணா சுருங்கி 5 மில்லிக்கும் கம்மியாதான் கழிஞ்சிருக்கு.

518 ÷ 3.1416 = 164.9, இது வெளிவிட்டம்
164.9 − 15 = 149.9, இதுதான் உள்விட்டம்

10 மில்லி வித்தியாசம். 160னு நெனச்சா பம்புக்கு சுத்திலும் 8 மில்லி இடம் இருக்குற மாதிரி தெரியும், நெசத்துல 3 மில்லிதான். அந்த 3 மில்லியும் பைப் சரியான வட்டமா இருந்தாத்தான், ஏன்னா சுத்தளவுல இருந்து வர்றது சராசரி விட்டம். பிவிசி பைப் வெயில்ல கெடந்து லேசா நசுங்கியிருந்தா ஒரு பக்கம் 152, இன்னொரு பக்கம் 148னு இருக்கும், டேப்பு அதைக் காட்டிக் கொடுக்காது. வாயில உள்பக்கமா ஸ்கேலை குறுக்க வச்சு நாலு திசையில பாத்துருங்க.

இன்னொண்ணு, கேசிங் பாறை தட்டுற வரைக்கும்தான் இறங்கியிருக்கும், அதுக்குக் கீழ வெறும் பாறை ஓட்டை. அந்த ஓட்டையை கேசிங் வழியா பிட்டை இறக்கித்தான் போட்டிருப்பாங்க, அதனால அது 149.9ஐ விட கம்மியாத்தான் இருக்க முடியும். எத்தன இன்ச் பிட்டுன்னு போர் போட்டவங்கள்ட்ட கேளுங்க.

மறுபடி அதே தம்பி: போர் எங்கப்பா காலத்துல போட்டது, வண்டிக்காரர் யாருன்னே தெரியல. 3 மில்லி இடம் போதும், இறக்கலாம்னு இங்க ஒரு பிட்டர் சொல்றாரே?

அவரு இறக்கியும் இருப்பாரு, நான் பொய்னு சொல்லல. நானா இருந்தா பம்போட அகலத்துல, அதே நீளத்துக்கு ஒரு வெத்துப் பைப்பைக் கயித்துல கட்டி பம்பு நிக்கப்போற ஆழம் வரைக்கும் விட்டு எடுத்துப் பாப்பேன். அது எங்கயாச்சும் பிடிச்சா சின்ன பம்புக்குப் போயிருங்க. வழுக்கிட்டுப் போய் வந்தாலும் எனக்கு மனசு வராதுதான், நாளைக்கு ஒரு சின்னக் கல்லு நடுவுல சொருகுனா மோட்டாரு மேல வராது. முடிவு உங்களோடது.

திருமங்கலத்துல இருந்து: 6 இன்ச் பைப்புனா உள்ள 6 இன்ச்தான், இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டு கணக்கு?

பாதி சரி. இரும்புப் பைப்புல 6 இன்ச்ங்கிறது உத்தேசமா உள்பக்கத்தை ஒட்டி வச்ச பேரு. ஆனா தண்ணிக்கு வாங்குற பிவிசில 110, 160னு சொல்றது வெளிவிட்டம், அதுல சுவரு தடிமன் கூடக்கூட உள்ள குறுகிக்கிட்டே போகும். ஒரே 110 பைப்புல லேசானதையும் கனமானதையும் பக்கத்துல வச்சு வாயைப் பாருங்க, கண்ணுக்கே தெரியும். பேரை வச்சு பைப்பு வாங்கலாம், பம்பு இறக்க முடியாது.

மேலூர்ல இருந்து: டேப் நேரா சுத்த வரல, கொஞ்சம் சாஞ்சிருச்சு. அதுல தப்பு வந்துருமா?

டேப்பைப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, சுவரைப் பத்தி யாரும் பயப்படுறதில்ல, ஆனா விசயம் தலைகீழ். அந்த 518 பைப்புலயே டேப்போட ரெண்டு முனையும் 3 சென்டிமீட்டர் மேல கீழ போயிருந்தாலும் சுத்தளவு ஒரு மில்லிகூட முழுசா கூடாது. சுத்தளவுல 3 மில்லி தப்பு பண்ணாலும் விட்டத்துல ஒரு மில்லிதான் மாறும். சுவருல ஒரு மில்லி தப்பு பண்ணீங்கன்னா உள்விட்டத்துல முழுசா 2 மில்லி போயிரும்.

அதனால நேரத்தை சுவருக்குக் கொடுங்க. ஆக்சா பிளேடு வச்சு அறுத்த வாயில பிசிறு நிக்கும், அதோட வெர்னியரைக் கொடுத்தா 7.5 இருக்குறது 8.5னு காட்டும். அரத்தை வச்சு உள்ளயும் வெளியவும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, சுத்திலும் நாலு இடத்துல அளந்து சராசரி எடுங்க. சாக்கெட் இருக்குற முனையில டேப்பு சுத்தாதீங்க, அது விரிச்சுவிட்ட வாயி. சணல் கயிறும் வேணாம், இழுத்த இழுப்புக்கு வரும்.

அலங்காநல்லூர் பக்கம், பேரு போடல: எங்க வீட்டு சிமெண்ட் உறை வெளிய கயிறு சுத்தி 141 இன்ச், கனம் 2 இன்ச். ஒரு அடி தண்ணிக்கு 294 லிட்டர்னு கணக்குப் போட்டேன், டேங்க் அவ்ளோ ரொம்பல.

நீங்களும் 141ல 4ஐக் கழிச்சுட்டீங்க போல, அப்பத்தான் உள்விட்டம் 43.6 இன்ச் வந்து 294 லிட்டர் கிடைக்கும். சரியான வழி 141 ÷ 3.1416 = 44.9, அதுல 4 போக 40.9 இன்ச், அடிக்கு 258 லிட்டர். 10 அடி தண்ணின்னா 350 லிட்டருக்கு மேல இல்லாத தண்ணியை இருக்குன்னு நம்பிருக்கீங்க. உறைக்கு வெளிய பூச்சு பூசியிருந்தா அதையும் கனத்துல சேக்கணும், அதை நான் பாக்காம சொல்ல முடியாது.

ஒரு அம்மா: பொண்ணு பத்தாவது படிக்குது. வெளிச்சுற்றளவு 88 செமீ, தடிமன் 1 செமீ, உள்விட்டம் 27.36னு போட்டா, தப்புன்னு வந்துருச்சு. ஏன் சார்?

88ஐ 22/7ஆல வகுத்தா 28, அதுல 2 போனா 26. பொண்ணு 86ஐ வகுத்திருக்கு. சுத்தளவுலதான் கழிப்பேன்னு அடம் பிடிச்சா 2 இல்ல, 2 × 22/7ன்னு கழிக்கட்டும், அதுவும் 26தான் வரும். விடை வந்ததும் வெளிவிட்டத்துல இருந்து உள்விட்டத்தைக் கழிச்சு பாதியாக்கிப் பாக்கச் சொல்லுங்க, தடிமன் திரும்பி வரணும். பொண்ணு விடைல 28ல 27.36 போனா 0.64, பாதி 0.32. ஒரு சென்டிமீட்டர் சுவரு மூணு மில்லியாயிருச்சுன்னு அதுக்கே தெரிஞ்சிரும்.

சோழவந்தான்ல இருந்து: பாட்டி காலத்து ஆட்டுரல் இருக்கு, வெளிய சுத்தி அளந்தா உள்குழி விட்டம் வருமா?

வராதுங்க. அது உருளையே இல்ல, குழி கீழ போகப்போக குறுகும், கல்லோட கனம் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணா இருக்கும். ஸ்கேலை வாயில குறுக்க வச்சு அளந்துருங்க, வேலை முடிஞ்சது.