மகன் கேட்டதே பாதி விடை

*என் மகன் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு படிக்கிறான். "பெரிய அணைக்காக மக்களை இடம்பெயர்ப்பது சரியா? உன் நிலைப்பாட்டை நியாயப்படுத்து" என்று பள்ளித் தேர்வில் 5 மதிப்பெண் கேள்வி வந்தது. "இரு தரப்பு நலனும் முக்கியம், அரசு மனிதநேயத்தோடு தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே எழுதினான். 2 மதிப்பெண்தான் வந்தது. படிக்கும்போது, "நிலத்துக்கு நிலம் குடுப்பாங்க சரி, நிலமே இல்லாத கூலிக்காரங்களுக்கு என்னம்மா குடுப்பாங்க?" என்று குறுக்கே கேட்டான். அதட்டி மனப்பாடம் செய்ய வைத்தேன். எந்தப் பக்கம் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்?*
*— ஒரு தாய், ஈரோடு*

எந்தப் பக்கம் எழுதினாலும் கிடைக்கும். கிடைக்காமல் போனது நீங்கள் அவனை அதட்டிய இடத்தில்தான் அம்மா. அந்தக் கேள்விக்கு உயிரான ஒன்றை உங்கள் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். நீங்கள் அதை வாயடைத்துவிட்டு, யாரையும் நோகடிக்காத ஒரு வாக்கியத்தை அவன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் பதிலில் "அணை" என்பதை எடுத்துவிட்டு "நெடுஞ்சாலை" என்றோ "விமான நிலையம்" என்றோ போட்டுப் பாருங்கள். ஒரு சொல்லும் மாற வேண்டியதில்லை. அப்படியானால் அது அந்தக் கேள்விக்கான பதிலே இல்லை. நிலைப்பாடு என்ன என்று கேட்டதற்கு நிலைப்பாடும் இல்லை, நியாயப்படுத்தச் சொன்னதற்குக் காரணமும் இல்லை. "மனிதநேயம்" என்ற சொல்லுக்காகவே அந்த 2 கிடைத்திருக்கும்.

பாடத்திலேயே இருக்கும், குஜராத்தில் நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சர்தார் சரோவர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நர்மதை நீர்த் தகராறு தீர்ப்பாயம் 1979-இல் தந்த தீர்ப்பு, நிலத்தில் கால்பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் தரச் சொன்னது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பில் நிலம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம்தான், கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று சேர்த்துக்கொண்டது. உங்கள் மகன் கேட்டது அதைத்தான். நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பதில் சொன்ன கேள்விக்கு உங்கள் வீட்டில் அதட்டல் கிடைத்திருக்கிறது.

5 மதிப்பெண் விடைக்கு ஏறக்குறைய 120 சொற்கள்தான் இடம். முதல் வரியிலேயே நிலைப்பாடு வந்துவிட வேண்டும், அதுவும் நிபந்தனையோடு. அடுத்து இரண்டு காரணங்கள்: ஒன்று பாடத்திலிருந்து ஒரு விவரம், மற்றொன்று ஓர் உரிமை அல்லது விழுமியம். அதன் பிறகு, எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றைச் சொல்லி அதற்குப் பதில். பெரும்பாலான பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள், அல்லது எளிதில் அடித்துவிடக்கூடிய வாதமாகப் பார்த்து எடுக்கிறார்கள். திருத்துகிறவர் கண் அங்கேதான் நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் புகழ்ந்தால் அது பேச்சுப்போட்டி ஆகிவிடும்.

உங்கள் மகனே எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்:

"நிலமற்றவர்களுக்கும் மாற்று வாழ்வாதாரம் கிடைத்த பிறகே இடம்பெயர்க்கலாம் என்பது என் நிலைப்பாடு. கட்ச் போன்ற வறண்ட பகுதிகளுக்கு நர்மதை நீர் குடிநீராகப் போகிறது. அந்தத் தேவை உண்மையானது. ஆனால் பயன் ஓரிடத்திலும் இழப்பு வேறிடத்திலும் விழும்போது, இழப்பவருக்கு ஈடு செய்வதுதான் சமத்துவம். நிலத்தின் உரிமையாளருக்கு மட்டும் ஈடு கொடுத்தால், அதே நிலத்தில் உழைத்தவர் வேலையை இழந்து நிற்பார். எல்லோருக்கும் ஈடு கொடுக்கக் காத்திருந்தால் அணை தாமதமாகும், செலவு கூடும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் உச்ச நீதிமன்றமே 2000-இல், மறுவாழ்வுப் பணிக்கு ஏற்பத்தான் அணை உயர வேண்டும் என்றது. தாமதத்தின் சுமையை ஏழைகள் மட்டும் சுமக்கக் கூடாது."

அணை கூடாது என்று முழுக்க எதிர்த்து எழுதினாலும் மதிப்பெண் உண்டு. அப்போது கட்ச் மக்கள் தண்ணீருக்கு என்ன செய்வார்கள் என்பதற்கு அவனிடம் பதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் கண்ணீர் வரிகள் எழுதினால் உங்கள் வாக்கியத்துக்குக் கிடைத்த அதே 2தான்.

கூலிக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிற பிள்ளையை அடக்குவது வளர்ப்பு ஆகாது. பெற்றவர்கள் இருப்பதே அந்தக் கேள்வியைக் காப்பாற்றிக் கொடுக்கத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த தேர்வுக்குப் பேனாவை நீங்கள் தொடாதீர்கள். அவன் ஒரு பக்கம் எடுக்கட்டும். நீங்கள் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்று பத்து நிமிடம் வாதாடுங்கள். அவன் தடுமாறும் இடத்தை அவனே குறித்துக்கொள்ளட்டும். அந்த இடத்துக்கான விவரத்தைப் பாடப்புத்தகத்தில் தேடி எடுத்து, 120 சொற்களுக்குள் அவனே எழுதட்டும். அதற்கு முன்னால், அன்று கேட்டதற்கு இன்று பதில் சொல்லுங்கள். விவரம் மேலே இருக்கிறது.