படுத்திருக்கும் நாயிடம் போகக் கூடாது, கூப்பிட வேண்டும்

கேள்வி: எங்கள் மகளுக்கு நாலு வயது. வீட்டு நாயை ஓயாமல் கட்டிப்பிடிப்பாள். ஐந்து வருஷமாக ஒன்றும் செய்யாத நாய், நேற்று படுத்திருந்தபோது அவளைப் பார்த்து உறுமிவிட்டது. அதட்டி அடக்கினோம். இனி என்ன செய்வது?

பதில்: முதலில், உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதற்காகத் திட்டு வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும். அப்புறம் ஒருநாள் சத்தமில்லாமல் கடிக்கலாம். உறுமினால் பிள்ளையை நிதானமாக அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், போதும்.

இத்தனை நாள் பொறுத்த நாய் திடீரென்று உறுமினால் எனக்கு முதலில் வலி மீதுதான் சந்தேகம் வரும். காது, பல், இடுப்பு மூட்டு என்று எங்காவது வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, மகளுக்கு வருவோம். உறுமுவதற்கு முன்பே நாய் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கும். அவள் கட்டிப்பிடிக்கும்போது அதன் முகத்தைக் கவனியுங்கள். தலையை அந்தப் பக்கம் திருப்பும், மூக்கை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோலத் தெரியும். கடைசியில் உடம்பு விறைத்து, அசையாமல் நிற்கும். அதைத்தான் நாம் ‘எவ்வளவு சாதுவாக இருக்கிறது’ என்று படம் எடுக்கிறோம்! பல்லைக் காட்டும் நாய் சிரிப்பதாகவே சின்னப் பிள்ளைகள் பல நேரம் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் குறிகளைப் படிப்பது உங்கள் வேலை. அவளுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்.

படுத்திருக்கும், சாப்பிடும் நாயிடம் அவள் போகக் கூடாது. நாலடி தள்ளி நின்று, தொடையைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். வரவில்லையா, இப்போது அதற்கு விருப்பமில்லை. வந்தால் தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், நெஞ்சிலோ தோளிலோ ஒரு கையால் முடி போகும் வாக்கில் தடவட்டும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் நெருங்கி வந்து சாய்ந்தால் இன்னொரு மூன்று. நகர்ந்தாலோ முகத்தைத் திருப்பினாலோ சும்மா நின்றாலோ, அத்தோடு முடிந்தது.

வெளியே பார்க்கும் நாய்க்கும் இதே முறைதான். உரிமையாளர் ‘தொடலாம்’ என்றாலும் நாயும் தானாக வர வேண்டும். தெரியாத நாய் ஓடிவந்தால் இவள் ஓடாமல், கத்தாமல், கைகளை மடக்கித் தன் பாதத்தைப் பார்த்தபடி நிற்கட்டும்.

நாலு வயதில் விளையாட்டு வேகத்தில் எல்லாம் மறந்துபோகும். கை எட்டும் தூரத்தில் நீங்கள் இல்லாதபோது நடுவில் கதவோ தடுப்போ இருக்கட்டும். கட்டிப்பிடிக்கும் ஆசைக்கு ஒரு பொம்மை நாய் கொடுங்கள். மூன்று எண்ணுவதையும் முதலில் அதனிடமே பழக்கலாம். அவள் கையை எடுத்ததும் பொம்மையின் தலையை மெல்லத் திருப்பிவிட்டு, ‘இப்ப நாய் என்ன சொல்லுது?’ என்று கேளுங்கள்.