நியூயார்க்கில் ஒரு விலை, லண்டனில் ஒரு விலை: சேலத்துக்கு எது கணக்கு?

கேள்வி: 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் தங்கம் அவுன்ஸ் 3,500 டாலரைத் தாண்டியதாக செல்போனில் பார்த்தேன். பெண் கல்யாணத்துக்குச் சேர்க்கிறோமே என்று பதறி, ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலம் கடைவீதியில் ஐந்து பவுன் வாங்கினேன். கடையில் அந்த அளவுக்கு ஏற்றம் இல்லை. அடுத்த வாரம் இறங்கியும் விட்டது. ஒரே தங்கத்துக்கு ஏன் இரண்டு விலை? இந்த வித்தியாசத்தில் காசு பார்க்கலாம் என்கிறார் என் மச்சான். முடியுமா?

பதில்: செல்போனில் நீங்கள் பார்த்தது நியூயார்க் காமெக்ஸ் சந்தையின் டிசம்பர் ஒப்பந்த விலை, அதாவது டிசம்பரில் கைமாறப்போகும் தங்கத்துக்கு இப்போதே பேசிக்கொள்ளும் விலை. லண்டனில் நடப்பது ரொக்க வியாபாரம். இரண்டே நாளில் தங்கம் கைமாறிவிடும். டிசம்பர் வரை காத்திருப்பதற்கான வட்டி நியூயார்க் விலையில் சேரும். அப்போதைய வட்டியில் 3,400 டாலருக்கு நாலு மாதக் கணக்கு சுமார் 50 டாலர். அந்த வித்தியாசம் எப்போதும் இருப்பதுதான், அதில் செய்தி எதுவும் இல்லை.

அதற்கு மேல் விலை விலகினால் வியாபாரிகள் சும்மா இருக்க மாட்டார்கள். லண்டனில் வாங்கி, நியூயார்க்கில் விற்று, விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒரு வேலை உண்டு. லண்டன் கட்டி சுமார் 400 அவுன்ஸ், அதாவது பன்னிரண்டரை கிலோ. காமெக்ஸின் 100 அவுன்ஸ் ஒப்பந்தத்துக்கு அது செல்லாது. 100 அவுன்ஸ் கட்டி ஒன்றோ, கிலோ கட்டி மூன்றோ கொடுக்க வேண்டும். அதனால் பெரிய கட்டி சுவிட்சர்லாந்துக்குப் போய், உருக்கி, கிலோ கட்டியாக வார்த்த பிறகே அமெரிக்கா போகும். உருக்குக் கூலி, சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்தாலும் சாதாரண நாளில் அவுன்ஸுக்குச் சில டாலர்தான். அதனால்தான் இரு ஊர் விலையும் ஒட்டியே நடக்கும்.

ஆகஸ்டில் அடிபட்டது இந்த வழிதான். கிலோ கட்டியும் 100 அவுன்ஸ் கட்டியும் வரிவிலக்குப் பெற்ற வகையில் வராது என்று அமெரிக்க சுங்கத்துறை எழுதிய கடிதம் ஒன்று ஆகஸ்ட் 8 வாக்கில் வெளியே தெரிந்தது. சுவிஸ் பொருள்களுக்கு அப்போதுதான் 39 சதவீத வரி அமலுக்கு வந்திருந்தது. கடிதம் சொல்வதே நிலைத்திருந்தால் சுவிஸ் கட்டிக்கு அவுன்ஸுக்கு 1,326 டாலர் வரி. அவ்வளவு வரி கட்டி யாரும் தங்கம் கொண்டுவர மாட்டார்கள் என்பதால், அமெரிக்காவுக்குள் ஏற்கெனவே இருக்கும் கட்டிக்குத் தனி மவுசு வந்தது.

சரி, அப்படியானால் விலை 1,326 டாலர் விலகியிருக்க வேண்டாமா? விலகியது 100 டாலருக்குச் சற்று மேல்தான். வட்டியைக் கழித்தால் ஐம்பது அறுபது டாலர், வரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு இந்தக் கதையிலேயே சுவையான இடம் இதுதான். வரி நிலைக்கும் என்று சந்தை பெரிதாக நம்பவில்லை. போதாததற்கு, வரி வந்துவிடுமோ என்ற பயத்தில் 2024 கடைசியிலிருந்தே லண்டன் தங்கத்தை அள்ளிக்கொண்டு போய், ஏப்ரலுக்குள் காமெக்ஸ் கிடங்குகளில் 4 கோடி அவுன்ஸுக்கு மேல் குவித்திருந்தார்கள். இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்திலிருந்து கட்டியை எடுக்கவே வாரக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்த இருப்பு கையில் இருக்கும்போது புதுச் சரக்குக்கு யார் பதறுவார்கள்? ஆகஸ்ட் 11-ல் தங்கத்துக்கு வரி இல்லை என்று டிரம்ப் அறிவித்ததும் வித்தியாசம் சுருங்கியது. செப்டம்பரில் அது அதிகாரபூர்வ உத்தரவாகவும் வந்தது.

மச்சானிடம் சொல்லுங்கள்: கட்டி, உருக்காலை, விமானம் மூன்றும் வசப்பட்டவர்களுக்கான வியாபாரம் இது. அவர்களுக்கே சறுக்கும். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்று சுவிஸ் ஆலைகள் மூடியபோது, இதே வித்தியாசத்தில் ஒரு பன்னாட்டு வங்கிக்கு ஒரே நாளில் சுமார் 20 கோடி டாலர் கணக்கில் நஷ்டம். தவிர, வெளிநாட்டுச் சந்தையில் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு மார்ஜின் என்ற ஈட்டுத்தொகை கட்ட இங்கிருந்து பணம் அனுப்புவதை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

சேலம் விலைக்கு அடித்தளம் லண்டன் ரொக்க விலைதான். அதோடு டாலர் மதிப்பையும் நம் இறக்குமதி வரியையும் பாருங்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரி 15-லிருந்து 6 சதவீதமானதும் ஒரே நாளில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது நினைவிருக்கும். வரியைவிடக் கவனிக்க வேண்டியது கட்டுப்பாடு. 2013-ல் இறக்குமதியில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுமதிக்கே போக வேண்டும் என்று விதி வந்தது. சரக்கு வரத்து குறைந்து, லண்டன் விலைக்கும் வரிக்கும் மேலேயே அவுன்ஸுக்கு 100 டாலருக்கு மேல் கூடுதலாகக் கேட்டார்கள். வரி எவ்வளவு என்று தெரிந்தால் வித்தியாசத்துக்கு ஓர் உச்சவரம்பு சொல்லலாம். சரக்கே வராதபோது அதைச் சொல்ல முடியாது.

இனி அமெரிக்க விலை தாவியதாகச் செய்தி வந்தால், அதே நேரத்து லண்டன் ரொக்க விலையையும் பாருங்கள். அது அசையாமல் இருந்தால் கடைவீதிக்கு அன்றே இறங்க வேண்டியதில்லை. வாங்கிய ஐந்து பவுன் கல்யாணத்துக்குத்தானே, அப்படியே இருக்கட்டும்.