4.5 எப்படி 45 ஆனது? சிரிஞ்ச் பம்பின் ஒரு புள்ளி பற்றி

கேள்வி: வணக்கம்ங்க. ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கிறேன். போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு சிஸ்டர், நார்அட்ரீனலின் ஓடிக்கொண்டிருந்த சிரிஞ்ச் பம்பில் 4.5 போட வேண்டியதை 45 என்று போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்துக்குள் பிரஷர் 220-க்கு ஏறி மானிட்டர் கத்தியதும் அவரே பார்த்து நிறுத்தி, டாக்டரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நோயாளி நன்றாக இருக்கிறார். மேனேஜ்மென்ட் அவருக்கு மெமோ கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் "கவனமாக இருக்கவும்" என்று சர்க்குலர் போடச் சொல்கிறது. ஆறு வருஷ அனுபவம் உள்ள பெண். இது மறுபடி நடக்காமல் இருக்க உண்மையில் என்ன செய்ய வேண்டும்ங்க?

பதில்: சர்க்குலரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வேலையாக அந்தப் பம்பை வார்டிலிருந்து எடுத்து, யாரும் அடுத்த நோயாளிக்குப் போடாதபடி பூட்டி வையுங்கள். பெரும்பாலான சிரிஞ்ச் பம்புகள் தங்களுக்குள் நடந்ததைப் பதிவு செய்து வைத்திருக்கும். எத்தனை மணிக்கு எந்த ரேட் போடப்பட்டது, எப்போது ஸ்டார்ட் அழுத்தப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். பம்ப் தொடர்ந்து ஓடினால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். உங்கள் பயோமெடிக்கல் இன்ஜினியரையோ சர்வீஸ் ஆளையோ கூப்பிட்டு அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

அந்தப் பதிவு ஏன் முக்கியம் என்றால், 4.5 என்பது 45 ஆவதற்குக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. சிஸ்டர் புள்ளியை அழுத்தாமல் விட்டிருக்கலாம். அழுத்தியும் பம்ப் அதை வாங்காமல் இருந்திருக்கலாம். அல்லது கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதிய புள்ளி கோட்டின் மேல் விழுந்து, அவருக்கு 45 என்றே தெரிந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மெமோ இந்த மூன்றில் எதையும் தொடாது.

இரண்டாவது வழியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஈரச் சானிடைசர் காயாத கிளவுஸ் போட்ட கையோடு, அவசரமாக அழுத்துகிற வேகத்தில், 4.5 என்று இருபது தடவை போட்டுப் பாருங்கள். இந்தக் கீபேடுகள் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் இருப்பவை. வருஷக்கணக்கில் ஸ்பிரிட் வைத்துத் துடைத்துத் துடைத்துச் சில பொத்தான்கள் மந்தமாகிவிடும். இருபதில் ஒரு தடவை புள்ளி விழவில்லை என்றாலும் அந்தப் பம்ப் ஐசியூவில் இருக்கக் கூடாது. கூடவே 100.5 என்றும் போட்டுப் பாருங்கள். நூறுக்கு மேல் போனால் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் 1005 என்று எடுத்துக்கொள்கிற மாடல்கள் இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்புறம் டிஸ்பிளே. இரவு பதினொரு மணிக்கு, வார்டு விளக்கைக் குறைத்த பிறகு, ஒரு பம்பில் 4.5, இன்னொன்றில் 45 என்று வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பாருங்கள். நான் ஒருமுறை இப்படி ஒரு ஐசியூவில் நின்றபோது இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. கிட்டே போனால் காரணம் புரிந்தது. மருந்தின் பெயரை எழுதி ஒட்டிய மைக்ரோபோர் பிளாஸ்டரின் ஓரம் கண்ணாடி மேல் ஏறி, புள்ளி விழும் அடிவரிசையைச் சரியாக மறைத்திருந்தது. ஒட்டியவர் மேல் தப்பில்லை. பெயர் ஒட்ட அந்தப் பம்பில் வேறு இடமே கிடையாது. மறுநாள் சிரிஞ்சின் மேலேயே சுற்றி ஒட்டும் லேபிளுக்கு மாற்றினார்கள்.

ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது என்று மேனேஜ்மென்ட் கேட்டால் இதைச் சொல்லுங்கள். 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் விமான நிலையத்தில் இறங்க வந்த ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதில் ஒரே திருகுக் குமிழுக்கு இரண்டு வேலை. ஒரு நிலையில் விமானம் எத்தனை டிகிரி சரிவில் இறங்க வேண்டும் என்று சொல்லும். இன்னொரு நிலையில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று சொல்லும். 3.3 டிகிரி சரிவு என்றால் குமிழுக்கான எண்ணைக் காட்டும் சின்ன ஜன்னலில் "-3.3" என்று வரும். நிமிடத்துக்கு 3,300 அடி என்றால் நூறுகளைச் சுருக்கி "-33" என்று வரும். விமானிகள் 3.3 டிகிரி என்று நினைத்துக்கொண்டு, மற்ற நிலையில் 33 வைத்துவிட்டார்கள் என்பதுதான் விசாரணையில் வலுவாக நின்ற விளக்கம். பிறகு ஜன்னலிலேயே மாற்றம் வந்தது. இறங்கு வேகத்தை "-3300" என்று நான்கு இலக்கமாக முழுசாகக் காட்டினார்கள். இரண்டு எண்களும் இனி ஒன்று போலத் தெரியாது.

உங்கள் பம்பின் டிஸ்பிளேயை நீங்கள் மாற்றி எழுத முடியாது. ஆனால் அந்த 45-ஐப் பம்பே ஏற்காமல் செய்ய முடியும். கணக்கைப் பார்ப்போம். 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் நார்அட்ரீனலின் கலக்கிறீர்கள் என்றால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டும் என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம், அதாவது 4.5 மில்லி. 45 போட்டால் அதுவே பத்து மடங்கு. இந்தக் கலவையில் மணிக்கு 25 மில்லி என்பதே கிலோவுக்கு 0.55 ஆகிறது. அதற்கு மேல் வேண்டியிருந்தால் டாக்டர் பக்கத்தில் நின்று முடிவு செய்கிற நிலைமைதான். ஆக, இந்த மருந்துக்கென்று ஒதுக்கிய பம்புகளில் அதிகபட்ச ரேட்டை 25 என்று செட் செய்துவிட்டால் 45 உள்ளே போகவே போகாது. எண்ணை உங்கள் ஐசியூ டாக்டர் தீர்மானிக்கட்டும். நான் சொன்னது வழியை மட்டும்தான்.

பல பம்புகளில் இந்த அளவு சர்வீஸ் மெனுவுக்குள் இருக்கிறது. வாங்கி வந்த நாளில் மெஷினின் முழு வேகம் என்னவோ அதிலேயே கிடக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மருந்துப் பட்டியல் உள்ள பம்பாக இருந்தால் மருந்து வாரியாகவே எல்லை வைக்கலாம். அதில் ஒன்றைக் கவனியுங்கள். எச்சரித்துவிட்டு, ஓகே அழுத்தினால் விட்டுவிடுகிற எல்லையும் உண்டு, எதற்கும் விடாத எல்லையும் உண்டு. முதல் வகையை மிகவும் இறுக்கமாக வைத்தால் சரியான டோசுக்கும் கத்திக்கொண்டே இருக்கும். பத்து நாளில் பார்க்காமலே ஓகே அழுத்தக் கை பழகிவிடும். பத்து மடங்குத் தவறைத் தடுக்க, விடாத எல்லை ஒன்று போதும். செட் செய்த பிறகு பம்பை அணைத்து மறுபடி போட்டு, எல்லை அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். போலஸ் பொத்தானுக்கு இந்த எல்லை பொருந்தாமல் போகலாம். அதையும் தனியாகச் சோதியுங்கள்.

இந்த எல்லை வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது: கலவை எல்லா ஷிஃப்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பகலில் 4 மில்லிகிராம், இரவில் ஒரு டாக்டர் சொன்னார் என்று 8 மில்லிகிராம் என்றால் அதே 4.5 இரண்டு மடங்கு மருந்தைத் தள்ளும். பம்புக்கு மில்லி மட்டும்தான் தெரியும். ஒரே கலவை என்று முடிவு செய்து, இரட்டைக் கலவை தவிர்க்க முடியாத நோயாளிக்கு மட்டும் வேறு நிற லேபிள் வையுங்கள். ஆர்டர் எழுதும்போது 5.0 என்று எழுத வேண்டாம், புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். 5 போதும். அரை மில்லிக்கு .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதச் சொல்லுங்கள்.

கீபேடைப் பற்றி ஒரு வார்த்தை. எண் பொத்தான் உள்ள பம்பில் நம் கண் விரலைப் பார்க்கும். ஏற்ற இறக்க அம்புக்குறி உள்ள பம்பில் எண் எங்கே நிற்கிறது என்று திரையைத்தான் பார்த்தாக வேண்டும். அதனால் தப்பான எண் கண்ணில் படும் வாய்ப்பு அம்புக்குறியில் அதிகம் என்று இது குறித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் ஐசியூவில் இரண்டு வகையும் கலந்து கிடந்தால், அதுவே தனிச் சிக்கல். ஒரு வகையைப் பழகிய கை இன்னொன்றில் சறுக்கும். ஒரே வகையை ஐசியூவுக்கு ஒதுக்கி மற்றதை வார்டுக்கு அனுப்புங்கள்.

ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன் செய்ய ஒரு சின்னச் சோதனை உண்டு. காசு செலவில்லை. "இந்த சிரிஞ்ச் எத்தனை மணிக்குத் தீரும்?" என்று வாய்விட்டுச் சொல்வது. 4.5-இல் 50 மில்லி பதினொரு மணி நேரம் வரும். 45-இல் ஒரு மணி ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பல பம்புகள் இந்த மீதி நேரத்தைத் திரையிலேயே காட்டும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டது காலை ஒன்பதுக்குத் தீர வேண்டும் என்று தெரிந்த சிஸ்டருக்கு, திரையில் 1:07 என்று பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். புள்ளியை விட மணி நம் மூளைக்கு நெருக்கமானது. இரண்டு பேர் சரிபார்ப்பதும் நல்லதுதான், ஆனால் இரண்டாமவர் ஆர்டரைப் பார்த்துத் தானே கணக்குப் போட வேண்டும். "4.5 தானே, சரியா பாரு" என்று கேட்டால் அவர் கண்ணுக்கும் 4.5 தான் தெரியும். நைட்டில் ஆள் குறைவு என்பதால் இதை எல்லா மருந்துக்கும் வைக்காதீர்கள். நார்அட்ரீனலின், இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போல நாலைந்துக்கு மட்டும் வைத்தால் நிற்கும்.

இனி மெமோ விஷயம். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள், தரையிறங்கி ஓடும்போது இறக்கையின் ஃபிளாப்பை மடக்கப் போய்ச் சக்கரத்தையே மடக்கிவிட்டார்கள். இது திரும்பத் திரும்ப நடந்தது. அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் இன்னொன்றில் ஆப்பு வடிவக் கட்டையையும் பொருத்தினார், அந்தத் தவறு நின்றது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

உங்கள் சிஸ்டர் தானே நிறுத்தி, தானே டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு மெமோ கொடுத்தால் அடுத்த 45 உங்கள் காதுக்கு வராது. பம்பை அணைத்துப் போட்டு, ஷீட்டில் 4.5 என்றே எழுதிவிடுவார்கள். பொத்தான் மந்தம் என்றோ திரை தெரியவில்லை என்றோ தெரிந்தால், மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுதுங்கள். காஜியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. நோயாளிக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்றாலும் எழுதலாம்.

அடுத்து பம்ப் வாங்கும்போது கம்பெனிக்காரர் கான்ஃபரன்ஸ் ஹாலில் போட்டுக் காட்டுவதோடு விடாதீர்கள். டெமோ பீஸை ஒரு வாரம் வாங்கி வைத்து, நோயாளிக்கு மாட்டாமல், விடிகாலை நாலு மணிக்கு இந்த சிஸ்டர் கையிலேயே கொடுத்து 4.5 போடச் சொல்லுங்கள். எந்தப் பம்ப் வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.