எக்கோ அறிக்கையில் எந்த வரி பெரியது?

"அப்பாவுக்கு 63 வயது, விசுவமட்டில் இருக்கிறோம். கனகாலமாகச் சீனியும் பிரஷரும் இருக்கு. நெஞ்சு நோ வந்ததே இல்லை, வயல் வேலை செய்தால்தான் களைக்குது என்பார். கிளினிக்கில் எக்கோ எடுத்தார்கள். அதில் 'ஈ.எஃப். 45%, இன்ஃபீரியர் வோல் ஹைப்போகைனீசிஸ், கிரேட் 1 டயஸ்டொலிக் டிஸ்ஃபங்ஷன், மைல்ட் மைட்ரல் ரீகர்ஜிடேஷன், ட்ரிவியல் ட்ரைகஸ்பிட் ரீகர்ஜிடேஷன்' என்று இருக்கு. இரண்டு வால்வும் ஒழுகுது, ஒப்பரேஷன் செய்யவேண்டி வரும் என்று பக்கத்து வீட்டு அண்ணை சொல்கிறார். அடுத்த கிளினிக் மூன்று கிழமை கழித்துத்தான். அதுவரை அப்பா வயலுக்கு மருந்தடிக்கப் போகலாமா?"

மருந்தடிக்கும் வேலையை இப்போதைக்கு வேறு யாரிடமாவது கொடுங்கள். மூன்று கிழமை காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் இதற்குக் காரணம் வால்வு இல்லை. இந்த அளவு ஒழுக்குக்கு யாரும் ஒப்பரேஷன் செய்யமாட்டார்கள். கவனிக்கவேண்டிய வரி இன்ஃபீரியர் வோல் ஹைப்போகைனீசிஸ்.

இதயம் சுருங்கும்போது இடது கீழ் அறையின் சுவர் எல்லாப் பக்கமும் உள்நோக்கி அசையவேண்டும், கூடவே தடிக்கவும் வேண்டும். ஒரு பக்கம் குறைவாக அசைந்தால் அதுதான் ஹைப்போகைனீசிஸ். அசைவே இல்லாவிட்டால் ஏகைனீசிஸ் என்று எழுதுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அசைவு குறைந்திருப்பது அடிப்பக்கச் சுவரில் மட்டும். சுவர் முழுவதும் சமமாகச் சோர்ந்திருந்தால் 'குளோபல்' என்று எழுதியிருப்பார்கள். அதற்கு மது, வைரஸ் காய்ச்சல், நீண்டநாள் பிரஷர் என்று பல காரணம் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயைத்தான். அடிப்பக்கச் சுவருக்குப் பெரும்பாலானவர்களில் வலது கொரனரிக் குழாயிலிருந்துதான் இரத்தம் போகிறது.

நெஞ்சு நோ வந்ததே இல்லையே என்று கேட்பீர்கள். நீண்டகாலம் சீனி உள்ளவர்களுக்கு நரம்புகள் மழுங்கிவிடுவதால் மாரடைப்பே நோவில்லாமல் வந்துபோகலாம். ஒருநாள் வியர்த்தது, வயிறு பிரட்டியது, 'காஸ்' என்று நினைத்து சோடா குடித்தோம் என்று பிறகு நினைவுபடுத்திச் சொல்பவர்கள் உண்டு. அப்பாவிடமும் ஒருக்கால் அப்படிக் கேட்டுப்பாருங்கள். வேலை செய்தால் களைக்குது என்கிறாரே, அதையும் இலேசாக எடுக்காதீர்கள். சீனிக்காரருக்கு நெஞ்சு நோவின் இடத்தில் களைப்பும் மூச்சு வாங்குவதும் மட்டும் வருவதுண்டு.

ஆனாலும் எக்கோவுக்கு அடைப்பு தெரியாது. வயலில் ஒரு துண்டு மட்டும் வாடியிருந்தால் வாய்க்கால் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம், எந்த இடம் என்று அறிய வாய்க்காலோடு நடந்துதான் பார்க்கவேண்டும். அப்படிக் குழாயைப் பார்க்கிற சோதனை அஞ்சியோகிராம். சில நேரம் ஊகம் பிழைக்கவும் செய்யும். படம் தெளிவில்லாவிட்டால் நல்ல சுவரும் அசையாததுபோலத் தெரியும். அடிப்பக்கச் சுவர் இப்படி ஏமாற்றக்கூடிய இடந்தான். அதனால் அறிக்கையில் 'புவர் விண்டோ' என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். சுவர் மெலிந்திருக்கிறதா என்பதும் முக்கியம். மெலிந்து வெளிறித் தெரிந்தால் பெரும்பாலும் பழைய தழும்பு. தடிப்பு குறையாமல் அசைவு மட்டும் குறைந்திருந்தால், இரத்தம் ஒழுங்காகக் கிடைத்தால் அந்தத் தசை மீளக்கூடும்.

ஈ.எஃப். 45% என்பதை இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல இதயமும் 100% காட்டாது. ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதுதான் அந்த எண். ஆண்களுக்கு 52 முதல் 72 வரை சாதாரணம். ஆகவே அப்பாவுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தாலே ஐந்து புள்ளி வித்தியாசம் வரும். அடுத்த முறை 42 வந்தால் மோசமாகிவிட்டது என்றோ 49 வந்தால் குணமாகிவிட்டது என்றோ முடிவு கட்டாதீர்கள்.

இனி வால்வு. ட்ரிவியல் ட்ரைகஸ்பிட் ஒழுக்கு நல்ல சுகதேகிகளிலும் சாதாரணமாகத் தெரியும், அதை மறந்துவிடுங்கள். மைல்ட் மைட்ரல் ஒழுக்கும் தனியாக இருந்தால் அதிகம் பேசத் தேவையில்லை. ஆனால் மைட்ரல் வால்வை இழுத்துப்பிடிக்கும் தசைகளில் ஒன்று அப்பாவின் அசைவு குறைந்த அந்தச் சுவரிலிருந்துதான் எழுகிறது. சுவர் சரியாக அசையாதபோது அந்தப் பிடி குலைந்து வால்வு ஒழுகலாம். அதனால் அடுத்த எக்கோவில் இது 'மொடரேட்' ஆகிறதா, இடது மேல் அறை பெருக்கிறதா என்று பார்க்கவேண்டும். (இதே வரி இருபது வயதுப் பிள்ளையின் அறிக்கையில், வால்வு தடித்திருக்கிறது என்ற குறிப்போடு வந்தால் கதை வேறு. அங்கே வாதக்காய்ச்சலைப் பற்றி யோசிப்போம், மாதாந்தப் பெனிசிலின் ஊசி பற்றிய பேச்சும் வரும்.)

கிரேட் 1 டயஸ்டொலிக் டிஸ்ஃபங்ஷன் என்றால் துடிப்புக்குப் பிறகு தசை மெதுவாகத் தளர்கிறது என்று பொருள். இந்த வயதில், இவ்வளவு காலம் பிரஷர் இருந்தவருக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பிரஷரை ஒழுங்காக வைத்திருப்பதுதான் அதற்கு வைத்தியம். கிரேட் 2, 3 என்றால் நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறுகிறது என்று கவலைப்படுவோம்.

சரி, இப்போது செய்யவேண்டியது. இந்தக் கிழமைக்குள் அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அப்பாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பழைய ஈசிஜி, பழைய எக்கோ இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். இந்தச் சுவர்க் குறைபாடு புதிதா பழசா என்று சொல்ல அவை மிகவும் உதவும். புதிதாக ஈசிஜி எடுப்பார்கள், தேவையென்றால் அஞ்சியோகிராமுக்கு யாழ்ப்பாணம் போகச் சொல்வார்கள். அப்படியென்றால் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அஞ்சியோகிராமில் ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சீனிக்கு மெட்ஃபோர்மின் குடிக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

மருந்தடிக்கும் தாங்கியில் 16 லீற்றர் நிரப்பினால் தாங்கியோடு சேர்த்து இருபது கிலோவுக்குக் கிட்ட முதுகில் ஏறும். அதோடு சேற்றில், வெயிலில் நடப்பது இப்போதைக்கு அவருக்குச் சரிவராது. களைக்காத வேகத்தில் வரம்பில் நடந்து வயலைப் பார்த்துவரலாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால், காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தால், நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ அழுத்தம் வந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினாலோ அடுத்த நாளே டொக்டரிடம் காட்டுங்கள்.