24 விழுக்காட்டில் 72 விதி ஏன் பிசகுகிறது?

"வட்டி ஆண்டுக்கு 24 விழுக்காடு. 72-ஐ 24-ஆல் வகுத்தால் 3 ஆண்டு. ஆனால் கணக்குப் போட்டால் 3 ஆண்டில் தொகை இரட்டிக்கவில்லை. எங்கே தவறு?"

உங்கள் வகுத்தலில் தவறில்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்து, கூட்டுவட்டியில் தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாகச் சொல்லும் குறுக்குவழிதான் 72 விதி. 72 என்ற எண் 8 விழுக்காட்டை ஒட்டிய வட்டிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். 100 என்பது முதலாண்டு முடிவில் 124, அடுத்து 153.76, மூன்றாம் ஆண்டில் 190.66 என்றுதான் வளர்கிறது. உண்மையில் இரட்டிப்பாக ஏறத்தாழ 3.22 ஆண்டுகள் ஆகும்.

வட்டி நொடிதோறும் அசலோடு சேர்ந்துகொண்டே இருந்தால் வகுக்க வேண்டிய எண் 69.3 மட்டுமே; ஆண்டுக்கொரு முறைதான் சேரும் என்றால், வட்டி விகிதம் கூடக்கூட அந்த எண்ணும் கூடிக்கொண்டே போகும். 72 பல எண்களால் மீதியின்றி வகுபடுவதால் மனக்கணக்குக்கு நிலைத்துவிட்டது.

திருத்துவது எளிது. 8-க்கு மேல் போகும் ஒவ்வொரு 3 விழுக்காட்டுக்கும் 72-உடன் 1 கூட்டுங்கள். கீழே போனால் அதே கணக்கில் கழியுங்கள். 24 என்பது 8-ஐவிட 16 அதிகம், அதாவது ஏறக்குறைய 5 கூட்ட வேண்டும்: 77-ஐ 24-ஆல் வகுத்தால் 3.2.

ஒன்றை மட்டும் கடன் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 24 விழுக்காடு மாதம் 2 விழுக்காடாகக் கணக்கிடப்பட்டு மாதந்தோறும் அசலில் சேர்கிறது என்றால், மாத விகிதத்தையே எடுக்க வேண்டும். 8-ஐவிட 6 குறைவு என்பதால் 72 இங்கே 70 ஆகிறது. 2-ஆல் வகுத்தால் 35 மாதம், அதாவது மூன்றாண்டுக்குள்ளேயே இரட்டிப்பு. வட்டி அசலில் சேராத தனிவட்டிக்கு இந்த விதியே பொருந்தாது. அங்கே 100-ஐத்தான் வகுக்க வேண்டும்.