இரண்டு பேர் மீதும் தப்பு என்றால் பாதிப் பாதியா?

கேள்வி: ஏற்காட்டில் என் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர், ஆளுக்கு இரண்டு ஏக்கர் காப்பி. மாசியில் ஒருவர், அடுத்தவர் முறையில் ஊற்றுத் தண்ணீரை மூன்று இரவு திருப்பிக்கொண்டார். மற்றவர் ஓஸை அறுத்தார், மறுநாள் பகலில் அவருடைய மிளகுக் கொடிகளையும் வெட்டிவிட்டார். என்னைப் பேசி முடிக்கச் சொல்கிறார்கள். இருவரும் சமம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள். பாதிப் பாதி என்று முடிக்கும் மத்தியஸ்தர் அதிகம் கெடுத்தவருக்கே உதவுகிறார். யார் முதலில் ஆரம்பித்தார் என்பதிலும் சிக்கிக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்டால் இருவரும் போன வருடத்து வேலித் தகராறுக்கே போவார்கள். இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு செயலுக்கும் நாளும் நேரமும் எழுதிக்கொண்டு, இரண்டே கேள்விகளால் எடை போடுங்கள்: அந்த நேரத்தில் கெடுதல் இன்னும் நடந்துகொண்டிருந்ததா, செய்ததைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா?

தண்ணீர் திருப்பியது சின்ன விஷயமல்ல. காப்பி மொட்டு தண்ணீருக்குக் காத்திருக்கும் மாதம் அது. ஆனாலும் மூன்று முறையைத் திருப்பிக் கொடுக்கலாம். மிளகுக் கொடியை அடியோடு வெட்டினால், புதிதாக நட்டது காய்க்கவே ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். அதுவும் பகலில், தண்ணீர் ஓடாத நேரத்தில் வெட்டியது தடுப்பதற்காக அல்ல, பழிதீர்ப்பதற்காக.

ஓஸை அறுத்ததை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். தம் முறையில் தண்ணீர் அடுத்த தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அறுத்தாரென்றால் அது பெரும்பாலும் மன்னிக்கத்தக்கது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் வால்வு இருந்து அதை மூடியிருக்கலாம் என்றால், மன்னிப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. வால்வு எதிராளியின் பூட்டிய மோட்டார் அறைக்குள் இருந்ததென்றால் மீண்டும் கூடுகிறது. தண்ணீர் நின்ற பிறகு அறுத்திருந்தால் மன்னிப்பே இல்லை. தற்காப்பில் தேவைக்கு மேல் கேடு செய்யக்கூடாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவும் சொல்கிறது.

இதற்குள் காவல் நிலைய வாசலில் நிற்கும் புரோக்கர் யாராவது, “நீயும் ஒரு புகார் கொடு, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள், பிறகு இரண்டும் ராஜியாகிவிடும்” என்று சொல்லிக்கொடுப்பார். நான் பார்த்த ஒரு விவகாரத்தில், முழங்கையில் சிராய்ப்பு மட்டும் இருந்தவர் நான்கு நாள் கட்டிலில் கிடந்தார். வழக்கையும் எதிர்வழக்கையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி வெகு காலமாயிற்று. ஆனால் அந்த நாள் வரும்வரை இருவரும் மலையிறங்கி வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியதுதான். அந்தப் புகாரைக் கொடுக்கும் முன்பே உங்கள் தீர்ப்பு வந்துவிட வேண்டும்.

தண்ணீர் எடுத்தவர் அடுத்த மூன்று முறையை விட்டுக்கொடுக்கட்டும். மகசூல் குறைந்திருந்தால் அதற்கும் பொறுப்பேற்கட்டும். கொடி வெட்டியவர் நாற்றுச் செலவோடு, காய்க்கும்வரை இழந்த மிளகுக்கும் ஈடு கொடுக்கட்டும். இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதி, ஒன்றில் மற்றொன்றைக் கழிக்காமல் கையெழுத்து வாங்குங்கள்.